435 டாலர் பிரீமியம், 95 டாலர் லாபம்: ஒரு வீல் சுற்றின் கணக்கு

ஆப்ஷன் விற்கும் வீல் முறையைச் செய்கிறவர்கள் பேசுவதைக் கேட்டால் பெரும்பாலும் வாங்கிய பிரீமியத்தைத்தான் சொல்வார்கள். இந்த மாதம் இவ்வளவு வந்தது, போன மாதம் அவ்வளவு வந்தது என்று. நானும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். எக்செல்லில் ஒரே ஒரு பத்தி, அதன் தலைப்பு பிரீமியம், கீழே கூட்டுத்தொகை, அது ஏறிக்கொண்டே போகும், பார்க்கப் பார்க்க சந்தோஷமாக இருக்கும். கணக்கில் இருந்த பணம் மட்டும் ஏன் அந்த அளவுக்கு ஏறவில்லை என்பது ரொம்ப நாள் புரியவில்லை. ஒரே ஒரு சுற்றை ஆரம்பம் முதல் கடைசி வரை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்தச் சுற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், அதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்து.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் வீல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கை வாங்கினாலும் பரவாயில்லை என்று நினைக்கும் விலையில் புட் விற்கிறோம், அதாவது எக்ஸ்பைரி என்ற கெடு நாள் வரை பங்கை அந்த ஸ்ட்ரைக் விலைக்கு நம்மிடம் விற்கும் உரிமையைக் கொடுத்து, அதற்குப் பிரீமியம் என்று ஒரு தொகை வாங்குகிறோம், வாங்க நேர்ந்தால் தேவைப்படும் முழுப் பணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு. விலை இறங்கவில்லை என்றால் பிரீமியம் நமக்கு, மறுபடி புட் விற்கலாம். இறங்கினால் பங்கு நம் தலையில் விழும், அதாவது அசைன் ஆகும். அப்புறம் அந்தப் பங்கின் மேல் கால் விற்கிறோம், அதாவது அதை ஸ்ட்ரைக் விலைக்கு நம்மிடமிருந்து வாங்கும் உரிமையை. விலை ஏறினால் ஸ்ட்ரைக் விலையில் பங்கு போய்விடும், பணம் திரும்பி வரும், மறுபடி புட். இவ்வளவுதான். நான் செய்வது அமெரிக்கச் சந்தையில், அங்கே ஒரு கான்ட்ராக்ட் என்றால் சாதாரணமாக 100 பங்கு, தனிப் பங்குகளின் ஆப்ஷனை வாங்கியவர் எக்ஸ்பைரி வரை காத்திருக்காமல் எந்த நாளிலும் அந்த உரிமையைப் பயன்படுத்தலாம், அதாவது எக்ஸர்சைஸ் செய்யலாம். இந்த இரண்டாவது விஷயம் பின்னால் வருகிறது.

நான் கணக்கு வைத்திருந்த முறை ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். தினமும் மாலையில் ஓட்டுவேன். எந்தப் பங்கு எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று காட்டும். எக்ஸ்பைரி நாளில் மட்டும் அது தானாக ஒரு வேலை செய்யும்: அன்றைய மூடும் விலையை எடுத்து, புட்டின் ஸ்ட்ரைக்குக்கு மேலே இருந்தால் ‘காலாவதி, பணம் விடுபட்டது’ என்று எழுதிவிடும், கீழே இருந்தால் ‘அசைன்’ என்று எழுதிவிடும். எழுதும்போது இதைவிடச் சுலபமான விதி இருக்க முடியாது என்று தோன்றியது.

பங்கின் பெயர் முக்கியமில்லை. ஒரு திங்கட்கிழமை அது 52 டாலரில் இருந்தது. 32 நாள் தள்ளி வரும் வெள்ளிக்கிழமைக்கு 50 ஸ்ட்ரைக் புட் ஒன்றை 1.20க்கு விற்றேன். 120 டாலர் வந்தது, 5000 டாலரை ஒதுக்கினேன். (கமிஷன், கட்டணம் எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். என் ஏட்டில் அதற்குத் தனிப் பத்தி உண்டு.) நாலு வாரமும் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எக்ஸ்பைரி வெள்ளிக்கிழமை சந்தை மூடும்போது விலை 50.08. எட்டு சென்ட்டில் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன், ஸ்கிரிப்டும் ‘காலாவதி’ என்று எழுதியது, 5000 டாலர் சும்மா இருக்கிறது என்றும் காட்டியது.

தப்பிக்கவில்லை. சந்தை நியூயார்க் நேரப்படி மாலை 4 மணிக்கு மூடினாலும், ஆப்ஷனை வைத்திருப்பவர் எக்ஸர்சைஸ் செய்வதா வேண்டாமா என்று இறுதி முடிவைச் சொல்ல 5:30 வரை நேரம் இருக்கிறது (பல புரோக்கர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இன்னும் முன்னதாகவே ஒரு கெடு வைத்திருப்பார்கள்). ஒரு சென்ட் அளவுக்காவது பணத்துக்குள், அதாவது எக்ஸர்சைஸ் செய்தால் லாபம் தரும் நிலையில், இருக்கும் ஆப்ஷனை ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன் தானாகவே எக்ஸர்சைஸ் செய்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மறுபக்கமும் உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பணத்துக்கு வெளியே முடிந்த ஆப்ஷனையும் வைத்திருப்பவர் வேண்டுமென்றே எக்ஸர்சைஸ் செய்யலாம். அன்று சந்தை மூடியபின் கம்பெனியிலிருந்து ஒரு மோசமான செய்தி வந்தது. அந்த நேர வர்த்தகத்தில் விலை 49க்குக் கீழே போய்விட்டது. 50க்கு விற்கும் உரிமையைக் கையில் வைத்திருப்பவர் அதைச் சும்மா விடுவாரா? நான் அந்தச் செய்தியைச் சனிக்கிழமைதான் படித்தேன், படித்துவிட்டு ‘நல்லவேளை, நம் புட் நேற்றோடு முடிந்துவிட்டது’ என்று சந்தோஷப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது. புரோக்கர் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை விலை 48.10. செய்தியால் பிரீமியம் கொழுத்திருந்தது. ஸ்கிரிப்ட் 5000 டாலர் சும்மா இருக்கிறது என்கிறது. சரி என்று 47 ஸ்ட்ரைக் புட் ஒன்றை 1.15க்கு விற்றேன். ஆர்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ பார்க்கப் போனபோதுதான் பொசிஷன் பட்டியலில் 100 பங்கு நிற்பதைக் கண்டேன். ஒதுக்கி வைத்த பணம் அந்தப் பங்குக்குப் போயிருந்தது. அதாவது நான் அப்போதுதான் விற்ற புட்டுக்குப் பின்னால் ஒரு டாலர்கூட இல்லை. என் கணக்கு மார்ஜின் கணக்கு, அதில் வேறு பங்குகளும் இருந்ததால் அவற்றின் பேரில் கடன் கிடைக்கும் என்று புரோக்கரின் சிஸ்டம் அனுமதித்துவிட்டது. ரொக்கக் கணக்காக இருந்திருந்தால் போதிய பணம் இல்லை என்று ஆர்டரே நிராகரிக்கப்பட்டிருக்கும். ‘பணம் ஒதுக்கி வைத்து விற்கிறேன்’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, மார்ஜின் கணக்கில் அந்த ஒதுக்கீடு நம் ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஏடு தப்பானால் ஒதுக்கீடும் இல்லை.

அதற்குள் விலை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது, அந்தப் புட்டை 1.40க்குத் திரும்ப வாங்கினேன். 25 டாலர் நஷ்டம். பெரிய தொகை இல்லை, ஆனால் அதே பங்கு அடுத்த ஐந்து வாரத்தில் 43.50 வரை போனது, நான் கவனிக்காமல் இருந்திருந்தால் கடனில் வாங்கிய இன்னொரு 100 பங்கும் தலையில் விழுந்திருக்கும்.

அன்று மாலையே ஸ்கிரிப்டைப் பிரித்துப் போட்டேன். தப்பு எங்கே என்றால், விலையைப் பார்த்து நிலையை ஊகித்ததில். விலை எவ்வளவு என்றாலும், அசைன் ஆனதா இல்லையா என்பது புரோக்கர் கணக்கில் பதிவாகும் ஒரு நிகழ்வு. அது பதிவாகும் வரை நமக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான நிலை. அந்த ‘தெரியாது’ என்பதற்கு என் ஸ்கிரிப்டில் இடமே இல்லாமல் இருந்தது. பணம், புட், பங்கு, கால் என்று நாலே நாலு கட்டங்கள்தான். இப்போது இடையில் இரண்டு காத்திருப்புக் கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன:

```python
NEXT = {
  ("CASH",         "STO_PUT"):   "SHORT_PUT",
  ("SHORT_PUT",    "BTC"):       "CASH",
  ("SHORT_PUT",    "ASSIGNED"):  "SHARES",
  ("SHORT_PUT",    "EXP_CLOSE"): "PUT_PENDING",
  ("PUT_PENDING",  "EXPIRED"):   "CASH",
  ("PUT_PENDING",  "ASSIGNED"):  "SHARES",
  ("SHARES",       "STO_CALL"):  "SHORT_CALL",
  ("SHORT_CALL",   "BTC"):       "SHARES",
  ("SHORT_CALL",   "CALLED"):    "CASH",
  ("SHORT_CALL",   "EXP_CLOSE"): "CALL_PENDING",
  ("CALL_PENDING", "EXPIRED"):   "SHARES",
  ("CALL_PENDING", "CALLED"):    "CASH",
}
state = NEXT[(state, event)]
```

STO என்பது விற்றுத் தொடங்குவது, BTC என்பது திரும்ப வாங்கி முடிப்பது. மொத்த விஷயமும் கடைசி வரியில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒரு ஜோடியைக் கொடுத்தால் பைத்தான் `KeyError` போட்டு நின்றுவிடும். `PUT_PENDING` நிலையில் இருக்கும்போது `STO_PUT` என்று எழுத முயன்றால் நிற்கும். பிழைச் செய்தியை அழகாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், நான் மறுத்துவிட்டேன், அசிங்கமாக உடைந்து விழுந்தால்தான் எனக்கு உறைக்கிறது. ஆனால் இது எச்சரிக்க வேண்டுமானால் ஒரு ஒழுங்கு தேவை: ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஏட்டில் எழுதிப் பார்க்க வேண்டும், போட்ட பிறகு எழுதினால் பிரேதப் பரிசோதனைதான். `EXPIRED`, `ASSIGNED`, `CALLED` மூன்றையும் நான் விலையைப் பார்த்து எழுதுவதில்லை. எக்ஸ்பைரிக்கு மறுநாள் சனிக்கிழமை ஒரு முறை, திங்கட்கிழமை சந்தை திறக்குமுன் ஒரு முறை புரோக்கரின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, அங்கே என்ன வார்த்தை இருக்கிறதோ அதை எழுதுகிறேன். சனிக்கிழமையே பெரும்பாலும் தெரிந்துவிடும், ஆனால் தெரியாமல் போன நாளும் உண்டு என்பதால் இரண்டு முறை.

தினசரி மாலை வேலை இன்னும் சின்னது. பங்கு எத்தனை, விற்ற புட் எத்தனை, விற்ற கால் எத்தனை என்று மூன்று எண்களைப் புரோக்கர் திரையிலிருந்து பார்த்து அடிக்கிறேன், ஸ்கிரிப்டின் நிலையோடு ஒத்துப்போகிறதா என்று அது சொல்கிறது. `SHORT_PUT` என்றால் பங்கு 0, புட் 1, கால் 0 இருக்க வேண்டும். `SHARES` என்றால் பங்கு 100, மற்ற இரண்டும் 0. ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தை அந்த சனிக்கிழமை செலவழித்திருந்தால் 25 டாலர் மிஞ்சியிருக்கும்.

இனி சுற்றுக்கு வருகிறேன். பங்கு கையில், வாங்கிய விலை 50. அடுத்த நாள் 48 டாலரில் இருந்தபோது 50 ஸ்ட்ரைக் கால் ஒன்றை 0.90க்கு விற்றேன், சுமார் ஒரு மாத எக்ஸ்பைரி. அது ஒன்றுமில்லாமல் காலாவதியானது, ஏனென்றால் பங்கு இறங்கிக்கொண்டே போய் 43.70க்கு வந்துவிட்டது. இங்கேதான் வீலின் கஷ்டமான பகுதி ஆரம்பிக்கிறது. சும்மா புட் விற்று காலாவதியாகிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் கணக்கு தேவையில்லை, இங்கே வந்து நிற்கும்போதுதான் கையில் சரியான ஒரு எண் வேண்டும்.

அந்த எண் சமநிலை விலை, அதாவது பங்கை எந்த விலைக்கு விற்றால் இந்தச் சுற்று லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் முடியும் என்பது. என் சுற்றில் அது இப்படி வரும். வாங்கியது 50. புட் பிரீமியம் 1.20 கழிகிறது, 48.80. அவசரத்தில் விற்றுத் திரும்ப வாங்கிய புட்டில் 0.25 போனது, அது கூடுகிறது, 49.05. காலில் வந்த 0.90 கழிகிறது, 48.15. (வரிக்கான அடக்கவிலை வேறு கணக்கு, அதற்கு வேறு விதிகள், இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால் வருடக் கடைசியில் தலைவலிதான்.) புதிய கால் விற்கும் முன் ஸ்கிரிப்ட் பார்ப்பது இதைத்தான்:

```python
breakeven = put_strike - net_premium / 100
ok = call_strike + call_bid >= breakeven
```

இப்போது திங்கட்கிழமை. பங்கு 43.50. 50 ஸ்ட்ரைக் காலுக்கு யாரும் ஒன்றும் தர மாட்டார்கள். 48 ஸ்ட்ரைக்குக்கு 0.20 கிடைக்கிறது. 45 ஸ்ட்ரைக்குக்கு 0.90. மாதம் ஒரு பிரீமியம் வாங்கிப் பழகிய கை 45ஐ நோக்கித்தான் போகும். 45 கூட்டல் 0.90 என்றால் 45.90, சமநிலை 48.15. பங்கு 45க்கு மேலே ஏறினால் 225 டாலர் நஷ்டத்தை நானே பூட்டிவைத்ததாக ஆகும். பங்கு ஏறியதால் நஷ்டம் என்பது எவ்வளவு விசித்திரம் பாருங்கள், ஆனால் வீலில் பணத்தை விட்டவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். இறங்கும்போது முழு இறக்கத்தையும் வாங்கிக்கொள்கிறோம், ஏறும்போது அடிவாரத்திலேயே விற்றுவிடுகிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதில் நான் முன்பு ஏமாந்திருக்கிறேன். இதே பங்கில் இந்தச் சுற்றுக்கு முன்னால் இரண்டு புட் விற்று இரண்டும் காலாவதியாகியிருந்தன, இரண்டும் சேர்த்து 2.45. பழைய எக்செல் அவற்றையும் சேர்த்துக் கழிக்கும். அப்படிக் கழித்தால் சமநிலை 45.70. அடடா, 45.90 அதற்கு மேலே, 45 ஸ்ட்ரைக் விற்கலாம் என்று பச்சை விளக்கு எரியும்! கணக்கில் பொய் இல்லை, அந்தப் பணம் உண்மையில் வந்ததுதான். ஆனால் அது போன சுற்றுகளில் சம்பாதித்து முடித்த லாபம். அதை எடுத்து வந்து இந்தச் சுற்றின் நஷ்டத்தின் மேல் போர்த்துகிறோம், போர்த்திவிட்டு நஷ்டமே இல்லை என்கிறோம். எத்தனை வருடம் ஒரே பங்கில் வீல் ஓட்டினாலும் இந்த எண் இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் எந்த விலைக்கு விற்றாலும் லாபம் என்று சொல்லும் ஒரு எண் எதற்குப் பயன்படும்? அதனால் நான் வைத்துக்கொண்ட விதி: நிலை `CASH`க்குத் திரும்பிய அந்தக் கணம் சுற்று முடிந்தது, அதன் லாபநஷ்டம் எழுதி மூடப்படும், அடுத்த புட் புதிய சுற்று எண்ணோடு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், பங்கு ஒன்றுதானே, மொத்தமாகப் பார்த்தால் என்ன என்பார்கள். வருடக் கடைசியில் மொத்தமாகப் பாருங்கள், தப்பில்லை. எந்த ஸ்ட்ரைக் விற்பது என்று முடிவு செய்யும்போது மட்டும் வேண்டாம்.

சரி, 48 ஸ்ட்ரைக்கை 0.20க்கு? 48.20, சமநிலைக்கு 5 சென்ட் மேலே, விதிப்படி விற்கலாம். ஸ்கிரிப்ட் அனுமதித்தது, எனக்கு மனம் வரவில்லை. 20 டாலருக்காக ஒரு மாதம் பங்கின் ஏற்றத்தை 48இல் கட்டிப்போடுவது கட்டுப்படியாகவில்லை. ஒன்றும் விற்காமல் `SHARES` நிலையிலேயே விட்டேன். இதைச் சொல்லக் காரணம், வீல் என்றாலே எப்போதும் ஏதாவது ஒன்று விற்றிருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஏட்டில் அந்த நிலைக்கும் தேதி உண்டு, நாள் கணக்கு உண்டு, சும்மா இருந்த நாட்களும் அந்தச் சுற்றின் நாட்கள்தான். அதைப் பத்தியில் போடுவதால் ரொம்ப நாள் சும்மா இருந்தால் ஆண்டு வருமானம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அதுவும் அந்தப் பங்கைத் தேர்ந்தெடுத்ததன் விலைதானே, மறைக்க என்ன இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் பங்கு 46.50க்கு வந்தது. 39 நாள் எக்ஸ்பைரியில் 48 ஸ்ட்ரைக் காலுக்கு 1.10 கிடைத்தது. 49.10, சமநிலைக்கு 0.95 மேலே. விற்றேன். அதற்கப்புறம் பங்குக்கு என்ன வந்ததோ, மூன்று வாரத்தில் 52.90 வரை ஓடிவிட்டது.

இங்கே அந்த எந்த நாளும் எக்ஸர்சைஸ் செய்யலாம் என்ற விஷயம் வருகிறது. அந்த வாரம் வியாழக்கிழமை டிவிடெண்டின் எக்ஸ்-தேதி, அதாவது அன்று முதல் பங்கை வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது, பங்குக்கு 0.35. புதன்கிழமை மாலை காலின் விலை 5.00. அதில் 4.90 உள்ளார்ந்த மதிப்பு, அதாவது 52.90 கழித்தல் 48. மீதி இருக்கும் கால மதிப்பு வெறும் 0.10. அந்தக் கால் ஆப்ஷனை வைத்திருப்பவர் இடத்தில் நின்று பாருங்கள்: இன்றே எக்ஸர்சைஸ் செய்தால் 0.10ஐ இழந்து 0.35 டிவிடெண்டை வாங்கலாம். செய்யாமல் இருந்தால் நாளை பங்கு விலையில் டிவிடெண்ட் கழியும், அவருக்கு ஒன்றும் வராது. கணக்குத் தெரிந்தவர் கண்டிப்பாகச் செய்வார். அதனால் கால் விற்றிருக்கும்போது என் மாலை வேலையில் ஒரு எண் கூடுதல்: கால மதிப்பு அடுத்த டிவிடெண்டைவிடக் குறைந்துவிட்டதா? குறைந்துவிட்டது, எக்ஸ்-தேதிக்கு முந்தைய நாளும் வந்துவிட்டது என்றால், நாளை காலை பங்கு இருக்காது என்றே வைத்துக்கொள்கிறேன். எதிர்பார்க்காமல் இருப்பவர்களுக்கு டிவிடெண்டும் வராமல் பங்கும் போய், ஏதோ மோசடி நடந்துவிட்டதுபோல் தோன்றும்.

தடுக்க வேண்டுமானால் அன்றே 5.00 கொடுத்துக் காலைத் திரும்ப வாங்க வேண்டும், அல்லது ரோல் செய்ய வேண்டும், அதாவது இதைத் திரும்ப வாங்கிவிட்டு அடுத்த மாதத்துக்கு வேறு ஒன்றை விற்க வேண்டும். ரோலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புரோக்கர் திரையில் அது ஒரே ஆர்டர், ‘நிகர வரவு 0.40’ என்று ஒரே எண்ணாக வரும், பார்த்தால் சம்பாதித்ததுபோல் இருக்கும். என் ஏட்டில் ரோல் என்று ஒரு வார்த்தையே கிடையாது. ஒரு `BTC` வரி, அதற்கு உண்மையில் கொடுத்த விலை. ஒரு `STO_CALL` வரி, அதற்கு வந்த விலை. 1.10க்கு விற்றதை 5.00க்கு வாங்குவது 390 டாலர் நஷ்டம் என்று முதல் வரி கண் முன்னால் நிற்கும், அதைப் பார்த்தபிறகும் ரோல் செய்யத் தோன்றினால் செய்யலாம். அன்று எனக்குத் தோன்றவில்லை. 48 சமநிலைக்குக் கீழேதானே, இதற்குப் போய் விடலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன், பிறகு 1.10ஐச் சேர்த்துதான் முடிவு செய்தோம் என்பது ஞாபகம் வந்தது. வியாழன் காலை கணக்கைத் திறந்தால் பங்கு இல்லை, 4800 டாலர் வந்திருந்தது. `CALLED` என்று எழுதி சுற்றை மூடினேன்.

மூடும்போது ஸ்கிரிப்ட் போட்ட கணக்கு இது. விற்றதில் வந்த பிரீமியம் 120, 115, 90, 110, மொத்தம் 435 டாலர். பழைய எக்செல் இங்கேயே நின்றிருக்கும். புட்டைத் திரும்ப வாங்கியது 140, மீதி 295. பங்கை 50க்கு வாங்கி 48க்குக் கொடுத்ததில் 200 போனது. லாபம் 95 டாலர். ஒதுக்கிய 5000க்கு 1.9 சதவீதம், 108 நாளில், வருடத்துக்கு நீட்டினால் சுமார் 6.4 சதவீதம். முதல் நாளே 52க்குப் பங்கை வாங்கிச் சும்மா வைத்திருந்தால்? 0.90 ஏற்றம், 0.35 டிவிடெண்ட், 100 பங்குக்கு 125 டாலர். அதாவது ஒன்றுமே செய்யாதவர் இந்தத் தடவை என்னைவிட 30 டாலர் அதிகம் சம்பாதித்திருப்பார், நடுவில் பங்கு 43.50க்குப் போனபோது 850 டாலர் கீழே நின்று தூக்கம் கெட்டிருப்பார் என்பது உண்மைதான், ஆனால் அன்று நானும் சமநிலையிலிருந்து 465 டாலர் கீழேதான் நின்றேன். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் இந்த ‘சும்மா வைத்திருந்தால்’ எண்ணையும் எழுதுகிறேன். பக்கவாட்டில் நகரும் பங்குகளில் வீல் ஜெயிக்கிறது, ஓடும் பங்குகளில் தோற்கிறது என்பது புத்தகத்தில் படித்தால் ஒரு வாக்கியம், சொந்த ஏட்டில் பத்துப் பதினைந்து சுற்று வரிசையாக நிற்கும்போது எந்தப் பங்கை விட்டுவிட வேண்டும் என்று பெயரோடு தெரிகிறது.

45 ஸ்ட்ரைக்கை 0.90க்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் ஓட்டிப் பார்த்தேன். பங்கு 45இல் போயிருக்கும், 500 நஷ்டம், பிரீமியம் நிகரமாக 275, சுற்று மைனஸ் 225. பழைய எக்செல்லில் அந்த மாதமும் பச்சையாகத்தான் இருந்திருக்கும், 90 டாலர் வரவு என்று.

இந்த முறைக்கு எல்லை இருக்கிறது. சமநிலை விதி, கம்பெனியே சரிந்துகொண்டிருந்தால் உதவாது. 50க்கு வாங்கிய பங்கு 30க்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டால், விதி எந்தக் காலையும் விற்க விடாது, `SHARES` நிலையில் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். அப்போது ஸ்கிரிப்ட் சொல்லும் பதில் கிடையாது. இந்தப் பங்கு இன்று கையில் இல்லாமல் 3000 டாலர் பணம் இருந்தால் இதையே வாங்குவேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன், இல்லை என்றால் விற்றுவிட்டு நஷ்டத்தை எழுதி சுற்றை மூட வேண்டும். பட்டியலில் `("SHARES", "SOLD"): "CASH"` என்ற வரி முதலில் இல்லை, மேலே கொடுத்ததிலும் இல்லை. வேறொரு பங்கில் அதைச் செய்ய வேண்டி வந்தபோது ஸ்கிரிப்ட் `KeyError` போட்டு நின்றது. வீல் என்றால் காலில்தான் வெளியே வர வேண்டும் என்று நானே நம்பிக்கொண்டு எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வரி சேர்த்தேன்.

இந்தச் சுற்றின் பங்கை, சுற்று மூடிய வியாழனுக்கு அடுத்த வாரம் மறுபடி பார்த்தேன். 50 ஸ்ட்ரைக் புட்டுக்கு நல்ல பிரீமியம், ஏன் நல்ல பிரீமியம் என்றால் எக்ஸ்பைரிக்கு முன்னால் காலாண்டு முடிவு வருகிறது. அது வந்து போகட்டும் என்று விட்டிருக்கிறேன், ஏட்டில் `CASH`, பக்கத்தில் தேதி, நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது.